அப்பாவோட கை நடுக்கம்: கையை நீட்டச் சொன்னா உடனே முடிவு பண்ணிடாதீங்க

அப்பாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பிச்சதும் பாலிகிளினிக் போனோம். ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொன்னார் டாக்டர், வலது கை நடுங்குச்சு, குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டார், பெரியப்பாவுக்கு பல வருஷமா இருக்குன்னு அம்மா சொன்னாங்க, அவ்வளவுதான், எசென்ஷியல் ட்ரெமர், அதாவது கையால வேலை செய்யும்போது வர்ற, பரம்பரையாவும் வரக்கூடிய நடுக்கம்னு எழுதி, அதுக்கு ப்ராப்ரனலால் மாத்திரை குடுத்துட்டார். மடியில கை சும்மா இருக்கும்போது பாக்கல, நடந்து காட்டவும் சொல்லல. மாத்திரையில நடுக்கம் குறையல, நாடித்துடிப்புதான் குறைஞ்சு எந்திரிச்சா தலை சுத்துச்சு. ஆஸ்துமா இருந்தா டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க, அவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

எனக்கு ஆத்திரம் என்னன்னா, அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சாலே வித்தியாசம் தெரியும். பெரியப்பாவுக்கு கை மடியில இருந்தா அசையாது, கோப்பி கப்பைத் தூக்கினா உடனே நடுங்கும், வாய்கிட்ட போகப் போக ஜாஸ்தியாகும், ரெண்டு கையிலயும் இருக்கு, தலையும் லேசா ஆடும். அப்பா டிவி பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கும்போதுதான் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டற மாதிரி ஆடும், ரிமோட்டை எடுத்தா நின்னுடும்.

ரெஃபரல் வாங்கி, ரொம்ப நாள் காத்திருந்து நியூராலஜிஸ்டைப் பாத்தோம். அவங்க கையை மடியில வைக்கச் சொல்லிட்டு 100லருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க, கவனம் கணக்குல போனதும் வலது கை நல்லா ஆட ஆரம்பிச்சுது. அப்புறம் கையை நீட்டச் சொன்னாங்க, நடுக்கம் அப்படியே நின்னுடுச்சு. அவங்க பேசாம காத்திருந்தாங்க, ஒரு பத்து செகண்ட் போல ஆனதும் அதே நடுக்கம் திரும்ப வந்துச்சு. பார்க்கின்சன்ஸ்ல இப்படி கொஞ்சம் கழிச்சு வரும், எசென்ஷியல் ட்ரெமர்ல பெரும்பாலும் நீட்டின உடனேயே வந்துடும்னாங்க. முதல் டாக்டர் பாத்தது இந்த தாமதமா வந்த நடுக்கத்தைத்தான்!

நடுக்கத்தை மட்டும் வச்சு அவங்களும் முடிவு பண்ணல. விரலைத் தட்டச் சொன்னா போகப் போக சின்னதா, மெதுவா ஆச்சு, முழங்கையை மடக்கினா விறைப்பு இருந்துச்சு, நடக்கும்போது வலது கை வீசவே இல்ல. இந்த மெதுவாகறது இல்லாம பார்க்கின்சன்ஸ்னு சொல்ல மாட்டாங்களாம். ரசம் தாளிக்கிற வாசனை தெரியலன்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டிருந்தார், அதையும் குறிச்சுக்கிட்டாங்க.

போறவங்க, கை சும்மா இருக்கும்போது ஃபோன்ல ஒரு வீடியோ எடுத்துட்டுப் போங்க, பழைய எழுத்து ஏதாவது இருந்தா அதையும் கொண்டு போங்க. அப்பாவோட எழுத்து வரி முடியறதுக்குள்ள சின்னதாகிட்டே போறது அதுலதான் தெரிஞ்சுது. பழைய மாத்திரையை நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, எங்களுக்கும் படிப்படியாதான் குறைச்சாங்க.

இப்ப பார்க்கின்சன்ஸுக்கான லெவோடோபா மாத்திரை போயிட்டிருக்கு. சட்டை பட்டனை அவரே போட்டுக்கறார், நடுக்கம் முழுசா போகல, சில பேருக்கு அது அவ்வளவா குறையாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க.