தைப்பூசத் தொப்பியும் மாமாவோட ஏழேகால் தலையும்

தைப்பூசம் நெருங்குனா பினாங்குல எங்க அக்கா கடையில பனியன் ஆர்டரும் தொப்பி ஆர்டரும்தான் ஓடும், தண்ணீர்மலைக்குப் போற ரோட்டுல பந்தல் போடுற குழு ஒவ்வொண்ணும் ஒரே கலர்ல சட்டை, அதுக்கு மேட்சா தொப்பின்னு வந்து நிப்பாங்க. லீவு நாள்ல நான் போய் உதவி செய்வேன், உதவின்னா டேப்ப வச்சுக்கிட்டு ஊரான் தலைய அளக்கறது. இந்த வாட்டி பட்டர்வொர்த்துலேர்ந்து வந்த ஒரு மோர் பந்தல் குழு, தலைவர் மாமா ஒருத்தரு, பின்னாடி பத்து பதினஞ்சு பசங்க. மாமா உள்ள வந்ததும் பின்பக்கம் பிளாஸ்டிக் பட்டை வச்ச தொப்பிய எடுத்து திருப்பிப் பாத்துட்டு, "இது சின்னப் பிள்ளைங்க போடறதும்மா, நமக்கு பின்னால ஓட்டையே இல்லாத முழு தொப்பி வேணும், அதான் கிளாஸா இருக்கும்"னுட்டாரு.

அவரு சொன்னது ஃபிட்டட் கேப். பேஸ்பால்காரங்க போடறது, நியூ எரா கம்பெனி 1954ல கொண்டாந்த 59ஃபிஃப்டி மாடல் மாதிரி, ஆறு துண்டு துணி தச்சு பின்னால சுத்தமா மூடியிருக்கும். பாக்க கிளாஸ்தான், மறுக்கல. ஆனா அதுல கூட்டிக்க குறைச்சுக்க ஒண்ணும் கிடையாது, உங்க தலை என்னவோ அதே சைஸ்ல வாங்கணும். அக்கா ரொம்ப மரியாதையா, "சரி மாமா, எல்லார் தலையும் அளந்துருவோம்"னா. மாமா சிரிச்சாரு. "என் தலைய அளக்கவே வேணாம்மா, நான் ஏழேகால். எங்கப்பா தோட்டத்துல கிராணியா இருந்தாரு, அவரோட ஃபெல்ட் தொப்பி இங்கிலாந்துல செஞ்சது, உள்ள 7¼னு போட்டிருக்கு, எனக்கு இன்னிக்கும் கச்சிதமா உக்காரும்."

அக்கா ஒண்ணும் பேசாம 7¼ எடுத்துக் குடுத்தா. மாமா போட்டாரு. உக்காரல. இட்லி சட்டிக்கு சாம்பார் கிண்ணத்து மூடிய வச்ச மாதிரி உச்சியிலயே நிக்குது, ரெண்டு கையால கீழ இழுத்தா மெதுவா திரும்ப மேல ஏறுது. பசங்க எல்லாம் திடீர்னு வெளிய ரோட்டுல என்னமோ இருக்கற மாதிரி திரும்பிக்கிட்டானுங்க.

மாமா சொன்னதுல பொய் இல்ல லா. அந்தப் பழைய தொப்பி இங்கிலாந்து அளவு, இந்த கேப் அமெரிக்க அளவு, ரெண்டுக்கும் எட்டுல ஒரு பங்கு வித்தியாசம். இங்கிலாந்து ஏழேகால்னா அமெரிக்காவுல 7⅜. இந்த அமெரிக்க நம்பர் எங்கேர்ந்து வருதுன்னா, தலைச் சுத்தளவ இன்ச்சுல எடுத்து 3.14ஆல வகுத்தா வர்றதுதான், அதாவது உங்க தலை சுத்த வட்டமா இருந்தா அதோட குறுக்களவு. யாருக்கும் தலை வட்டமா இல்ல, அது வேற கதை, மாமா விஷயத்துல அதுவும் வந்துச்சு, சொல்றேன். இந்த எட்டுல ஒரு பங்கு எவ்ளோன்னு பாத்தா சுத்தளவுல வெறும் ஒரு சென்டி. 7¼ன்னா 57.7 சென்டி, 7⅜ன்னா 58.7, 7½ன்னா 59.6. ஒரு சென்டி தப்புனாலும் ஒரு சைஸ் போச்சு, அதனாலதான் அக்கா யார் என்ன நம்பர் சொன்னாலும் டேப்ப கீழ வைக்க மாட்டா.

அளக்கறதுலயும் ஆளாளுக்கு ஒரு தினுசு. கடைக்கு வராத பசங்களோட அளவ வீட்லயே எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தோம், ஒருத்தன் 54ன்னு அனுப்பியிருக்கான், ஆளு ஆறடி. வரவழைச்சுப் பாத்தா 57. அவங்கம்மா பிளவுஸ் அளக்கற டேப்பாலதான் எடுத்திருக்காங்க, டேப்புல குத்தம் இல்ல, பின்னால அது பிடரிக்கு சறுக்கியிருக்கு, அங்க தலை குறுகிடும் இல்லையா. இன்னொருத்தன் வீடு கட்டறவங்க வச்சிருக்கற இரும்பு டேப்பால அளந்து 63ன்னு எழுதியிருந்தான், அது வளையாம கோணல் கோணலா நின்னுருக்கும், நெத்தியில ரத்தம் வராததே முருகன் புண்ணியம். சரியா எடுக்கணும்னா துணி டேப்ப புருவத்துக்கு ரெண்டு விரல் மேல, காதுக்கு மேல, பின்னால தலை துருத்திக்கிட்டு இருக்கற அந்த மேட்டு மேல கொண்டு போகணும், தொப்பி எங்க உக்காருமோ அங்கதான் அளக்கணும். இறுக்கவும் வேணாம் தொங்கவும் வேணாம். ரெண்டு மூணு வாட்டி அளந்து பெரிசா வர்றத எடுத்துக்கறது எங்க அக்கா பழக்கம். டேப் இல்லாட்டி கயிறு சுத்திட்டு ஸ்கேல்ல வச்சுப் பாத்தாலும் போதும், ரப்பர் மாதிரி இழுபடாத கயிறா இருக்கணும் அவ்ளோதான்.

மாமா தலை 59.2. வந்துச்சு பாருங்க சிக்கல், 7⅜க்கும் 7½க்கும் நடுவுல. 7⅜ போட்டு அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு கழட்டிப் பாத்தா நெத்தியில செவப்பா ஒரு கோடு, பின்னாலயும் கோடு, ஆனா காதுக்கு மேல ரெண்டு பக்கமும் விரல் விட்டா தாராளமா போகுது. முன்பின் இறுக்கம், பக்கவாட்டுல தொளதொளன்னா தலை நீளவாக்குன்னு அர்த்தம், தொப்பி கொஞ்சம் வட்டமா செஞ்சிருக்கு. சுத்தளவு சரியா இருந்தும் தொப்பி சேராததுக்கு பாதி நேரம் இதான் காரணம், டேப்புல இது தெரியவே தெரியாது, போட்டாதான் தெரியும். நடுவுல மாட்டுனா பெரிய சைஸுக்குப் போறதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா பெரிச சின்னதாக்கலாம், சின்னத பெரிசாக்கறது கஷ்டம். கம்பளித் துணின்னா ஆவி காட்டி கட்டையில மாட்டி கொஞ்சம் இழுக்கலாம், பாலியஸ்டர் அவ்வளவா அசையாது. அக்கா 7½ குடுத்து, உள்ள வேர்வைப் பட்டைக்குப் பின்னால பஞ்சு மாதிரி ஸ்பாஞ்சு பட்டை ஒண்ணு செருகுவாங்க, அத முன்னால வைக்காம ரெண்டு காதுக்கு மேலயும் துண்டு துண்டா வச்சா. அப்பறம் தலைய ஆட்டிப் பாருங்க மாமான்னா. மாமா சாமி வந்த மாதிரி ஆட்டுனாரு. தொப்பி அசையல. மாமா முகத்துல பாக்கணுமே, காவடியே இறக்குன மாதிரி.

மத்த பசங்களுக்கும் இதே வேணும்னு மாமா ஆரம்பிச்சாரு, அக்கா அப்பதான் வாயத் திறந்தா. "மாமா, தலைக்கு ஒரு சைஸ்னு எடுத்தா நாளைக்கு ஒருத்தன் வரல, அவன் தம்பி வர்றான்னா அந்த தொப்பி அவனுக்கு சேராது. பட்டை வச்சது எடுத்தீங்கன்னா யார் தலைக்கும் மாத்திப் போட்டுக்கலாம்." பந்தலுக்கு அதான் சரி, என்னைக் கேட்டா எனக்கே இந்தப் பட்டை வச்ச ஸ்னாப்பேக்தான் பிடிக்கும், வேர்க்கறப்ப ஒரு பொத்தான் தளர்த்திக்கலாம், முடி கட்டியிருக்கற பொண்ணுங்களுக்கு பின் ஓட்டை வழியா கொண்டை வெளிய வந்துரும்.

அதுக்காக பட்டைத் தொப்பி எல்லாத் தலைக்கும் சேரும்னு நினைக்காதீங்க, ஒரே சைஸ்னு எழுதியிருக்கறத நம்பி ஏமாந்தவங்க நிறைய. அந்தக் குழுவுல ஒரு தம்பி, 62 சென்டி, நல்ல பெரிய தலை. ஸ்னாப்பேக்க கடைசி ஓட்டை வரைக்கும் தளர்த்தி ஒரே ஒரு பொத்தான்ல மாட்டி போட்டான், தும்முனான், டப்புனு பிச்சிக்கிட்டு பின்னால திறந்துருச்சு. குறைஞ்சது ரெண்டு பொத்தானாவது மாட்டியிருக்கணும், இல்லன்னா அது நிக்காது. அப்புறம் பட்டைய தளர்த்துனா சுத்தளவுதான் கூடுதே தவிர தொப்பியோட ஆழம் கூடாது, அவன் மண்டை உசரம், தொப்பி உச்சியில முட்டிக்கிட்டு காதுக்கு ரொம்ப மேலயே நிக்குது. அவனுக்கு முன்பக்கம் விறைப்பா உசரமா நிக்கற மாடல் வேற எடுத்தோம். சின்னத் தலைக்காரங்களுக்கு இதோட எதிர்ப்பக்கம், கடைசி வரைக்கும் இறுக்குனா பின்னால துணி சுருங்கி மடிஞ்சு ஓட்டை மூடிக்கும், தொப்பி வட்டமா இல்லாம பின்னால கூம்பிக்கும், மேல ஆழம் அப்படியே இருக்கறதால கண்ணு வரைக்கும் இறங்கும். நாடா வச்சு உலோகக் கொக்கி போட்டது நல்லது, எங்க வேணாலும் நிறுத்தலாம். ஒட்டுப் பட்டைதான் எனக்கு பிடிக்காது, ரெண்டு மாசத்துல நூலும் முடியும் அடைஞ்சு ஒட்டாமப் போயிடும்.

கடைசியா அக்கா கேட்ட கேள்விதான் முக்கியமானது. "மொட்டை போடப் போறவங்க யாரு, கை தூக்குங்க." நாலஞ்சு கை போச்சு. அவங்களுக்கு ஃபிட்டட் கிடையவே கிடையாதுன்னுட்டா, அடர்த்தியா முடி இருந்து மழிச்சா அரை சென்டியிலேர்ந்து ஒரு சென்டி குறையும், அதாவது ஒரு சைஸ் வரைக்கும் இறங்கும். கைய தூக்காத ஒருத்தன், மாமா மாதிரியே எனக்கும் முழு தொப்பிதான் வேணும்னு காசு கட்டி 7⅜ வாங்கிட்டுப் போயிட்டான், தலையில சுருட்டை முடி காடு மாதிரி.

தைப்பூசத்தன்னிக்கு நானும் அக்காவும் பந்தலுக்குப் போனோம். மாமா 7½ல கம்பீரமா நின்னு மோர் ஊத்தறாரு, காத்தடிக்குது, தொப்பி அசையல. பக்கத்துல அந்த சுருட்டை முடி தம்பி, இப்ப பளபளன்னு மொட்டை, தலை பூரா சந்தனம், ஒவ்வொரு டம்ளர் மோருக்கும் ஒரு வாட்டி தொப்பி புருவத்துக்கு இறங்க, முழங்கையால மேல தள்ளறான், திரும்ப இறங்குது, ஒரு பாட்டி டம்ளர நீட்டிக்கிட்டே நிக்கறாங்க, இவனுக்கு டம்ளரே தெரியல. மாமா அவன பாத்து, "ஏன்டா நேர்த்திக்கடன அளவெடுத்த அன்னிக்கு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன"ன்னாரு. மறுநாள் கடைக்கு வந்தான், மாத்திக் குடுங்கக்கான்னு. வேர்வைப் பட்டை முழுக்க சந்தனம், எப்படி மாத்தறது. அக்கா ஸ்பாஞ்சு பட்டைய நெத்திப் பக்கம் ஒண்ணு, பின்னால ஒண்ணு வச்சுக் குடுத்தா. முடி வளந்தா ஒண்ணொண்ணா எடுத்துக்கடா, முதல்ல பின்னால இருக்கறத எடுன்னா.

"அடுத்த வருஷமும் மொட்டைதான்கா"ன்னான்.

"அப்ப ஸ்பாஞ்சு ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்கிட்டுப் போ."