ஒன்பதாம் எண் கெடுத்த கை-ஸ்கொயர்

எம்.ஏ. சமூகவியலில் புள்ளியியல் ரெக்கார்டு எழுதியவர்களுக்குத் தெரியும், கை-ஸ்கொயர் சோதனையை ஓட்டுவது ஒரு வேலையே அல்ல. இரண்டு மாறிகளைத் தேர்ந்தெடுத்து பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும். என்னை இழுத்தடித்தது அந்த விடைக்கு அடியில் பொடி எழுத்தில் வரும் ஒரே ஒரு வரி. அதைக் காட்டித்தான் ஆய்வகப் பொறுப்பாளர் என் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மறுத்தார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

தரவு எங்கள் வகுப்பே சேர்ந்து எடுத்தது. தை அறுவடை முடிந்த கையோடு திருவாரூர் பக்கத்துச் சில கிராமங்களில் வீட்டுக்கு ஒருவரிடம் கேட்டோம். எனக்கு ஒதுக்கப்பட்ட மாறிகள் இரண்டு. குடும்பத்தின் நில நிலை முதலாவது: சொந்த நிலம், குத்தகை, நிலமில்லாத கூலி. வீட்டிலிருந்து யாராவது வெளியே வேலைக்குப் போயிருக்கிறார்களா என்பது இரண்டாவது: யாரும் போகவில்லை, உள்நாட்டுக்குள், வெளிநாடு. ஒரே வீட்டில் அண்ணன் சிங்கப்பூரிலும் தம்பி திருப்பூரிலும் இருந்தால் கடைசியாகக் கிளம்பியவரை மட்டும் குறிப்பது என்று கேள்வித்தாளிலேயே முடிவு செய்திருந்தோம். இதை அற்ப விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வீடு ஒரு கட்டத்தில்தான் விழ வேண்டும். இரண்டிலும் டிக் அடிக்க விட்டிருந்தால் இந்தச் சோதனையே செல்லாது. பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வித்தாள்களைத் துறையில் வாங்கிக்கொண்டு, மொத்தமாகத் தட்டச்சு செய்து, கோப்பாகத் திருப்பித் தந்தார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது. ஆனால் அது தெரியவந்தது பிறகு.

SPSS-இல் ஓட்டினேன். கை-ஸ்கொயர் 12.68, df 6, p .048. அதற்குக் கீழே அந்த வரி:

`4 cells (33.3%) have expected count less than 5. The minimum expected count is 1.32.`

இதன் பொருள் வகுப்பில் படித்ததுதான். நிலத்துக்கும் வெளியூர் வேலைக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வீடுகள் இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை. வரிசையின் கூட்டுத்தொகையைப் பத்தியின் கூட்டுத்தொகையால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 5-க்குக் கீழான கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, எதுவும் 1-க்குக் கீழே போகக் கூடாது என்பது 1954-இல் காக்ரன் சொன்ன வழிகாட்டல். அதை மீறினால் அந்த p மதிப்பை நம்புவதற்கில்லை. என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு.

பொறுப்பாளர் தாளைப் பார்த்தார். "நிபந்தனை மீறியிருக்கிறது. உள்நாடு, வெளிநாடு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடு. போனார்களா, இல்லையா, அவ்வளவு போதும்" என்றார்.

"சார், அப்படிச் சேர்த்தால் கேள்வியே மாறிவிடுமே" என்றேன்.

"போன வருடம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சேர்த்துக் கொண்டு வந்தால் கையெழுத்து" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

போனார்கள், போகவில்லை என்ற இரண்டு வகை மட்டும் உள்ள புது மாறியாகச் சேர்த்து ஓட்டியும் பார்த்தேன். கை-ஸ்கொயர் 0.17, df 2, p .918. சொந்த நிலக்காரர்களில் 51.6 சதவீதம், குத்தகைக்காரர்களில் 50 சதவீதம், கூலிக் குடும்பங்களில் 53.8 சதவீதம் வெளியே ஆள் அனுப்பியிருந்தார்கள். தொடர்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வகுப்பில் சிலர் இப்படியே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள். எல்லாத் தரப்பிலும் ஆள் வெளியே போகிறார்தான். எங்கே போகிறார் என்பதில்தான் நிலம் பேசுகிறது. ஏஜெண்டுக்குக் கட்ட நகையையோ நிலத்தையோ அடகு வைக்க முடிந்த வீடு சிங்கப்பூரைப் பற்றிப் பேசியது. அடகு வைக்க ஒன்றும் இல்லாத வீடு திருப்பூர் பஸ்ஸைப் பற்றிப் பேசியது. இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டினால் சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே வாளியில் ஊற்றிப் பந்தியில் பரிமாறிய கதைதான்.

வகைகளைச் சேர்ப்பது தவறான உத்தி என்று சொல்ல வரவில்லை. நியாயமான காரணம் இருந்தால் சேர்க்கலாம். ஆனால் எந்தக் கட்டங்கள் சிறுத்திருக்கின்றன, ஏன் சிறுத்திருக்கின்றன என்று பார்க்காமல் சேர்க்கக் கூடாது.

அதைப் பார்க்க முடியாதபடி செய்தது ஆய்வகத்தின் அச்சுப்பொறி. அகலமான அட்டவணையின் வலதுபக்கத்தை அது வெட்டிவிட்டிருந்தது. நானும் பொறுப்பாளரும் பார்த்தது மூன்று பத்திகளை மட்டும். துப்புக் கொடுத்தது df. மூன்று வரிசை, மூன்று பத்தி என்றால் (3−1) × (3−1), அதாவது 4 வர வேண்டும். தாளில் 6 இருந்தது. 6 வர வேண்டுமென்றால் நான்காவதாக ஒரு பத்தி இருந்தாக வேண்டும். இந்த df விஷயத்தில் சோதனையை 1900-இல் உருவாக்கிய கார்ல் பியர்சனே சறுக்கினார். இத்தகைய அட்டவணைகளுக்கான கணக்கை 1922-இல் ஃபிஷர்தான் திருத்தினார். ஆகவே ஓட்டுவதற்கு முன்பே df எவ்வளவு வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

திரையில் அட்டவணையைத் திறந்தால் வலது ஓரத்தில் 9 என்ற தலைப்போடு ஒரு பத்தி. பதில் சொல்லாத வீடுகளுக்கு 9 என்று போட்டுவிட்டு, அது விடுபட்ட மதிப்பு என்று கோப்பில் அறிவிக்காமல் விட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாத ஆறு வீடுகளை மென்பொருள் நான்காவது வகை இடப்பெயர்வாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது. ஆறு வீடுகள் மூன்று வரிசைகளில் பிரிந்தால் அந்தப் பத்தியின் மூன்று கட்டங்களும் 5-க்குக் கீழேதான் இருக்கும். எச்சரிக்கையில் வந்த நான்கு கட்டங்களில் மூன்று, இருக்கவே கூடாதவை. `N of Valid Cases` என்ற வரியிலும் 186 என்று இருந்தது. கேள்வித்தாள்கள் மொத்தமே 186. ஒருவர்கூட விடாமல் எல்லோரும் பதில் சொன்ன கணக்கெடுப்பை நான் கண்டதில்லை. அந்த எண்ணிக்கை முழுதாக வந்தாலே சந்தேகப்படுங்கள்.

சரிசெய்ய இவ்வளவுதான்:

```
MISSING VALUES velai (9).
CROSSTABS
  /TABLES=nilam BY velai
  /STATISTICS=CHISQ PHI
  /CELLS=COUNT EXPECTED ROW ASRESID.
```

இப்போது வந்த அட்டவணை (அடைப்புக்குள் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை):

| நிலம் | போகவில்லை | உள்நாடு | வெளிநாடு | மொத்தம் |
|---|---|---|---|---|
| சொந்தம் | 30 (29.6) | 20 (26.2) | 12 (6.2) | 62 |
| குத்தகை | 20 (19.1) | 17 (16.9) | 3 (4.0) | 40 |
| கூலி | 36 (37.3) | 39 (32.9) | 3 (7.8) | 78 |
| மொத்தம் | 86 | 76 | 18 | 180 |

ஒன்பது கட்டங்களில் ஒன்றுதான் 5-க்குக் கீழே, அதுவும் 4.0. அதாவது 11.1 சதவீதம். நிபந்தனைக்குள் அடங்கிவிட்டது. கை-ஸ்கொயர் 11.295, df 4, p .023. எதையும் சேர்க்கத் தேவையில்லை.

முதல் முறை வந்த .048-உம் 0.05-க்குக் கீழேதானே, அப்புறம் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். அது தற்செயல். மௌனமாக இருந்த ஆறில் நான்கு கூலிக் குடும்பங்கள். அந்த மௌனமும் அந்த எண்ணுக்குள் கலந்திருந்தது. எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டு வெளியீடுகளையும், வெட்டுப்படாமல் ஒரே பக்கத்தில் அடங்கும்படி அச்சிட்டு, 9 என்ற பத்தியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பொறுப்பாளர் மேசையில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். அது போதும் எனக்கு.

எழுதும் பகுதியில் பலருக்கு மதிப்பெண் போனது சதவீதத்தின் திசையில். நிலம்தான் பின்னணி, வேலை அதன் விளைவாகப் பார்க்கப்படுவது. அப்படியானால் சதவீதம் நில வகைக்குள், வரிசைவாரியாக எடுக்க வேண்டும். திருப்பி எடுத்தால் 'வெளிநாடு போன வீடுகளில் 66.7 சதவீதம் நிலக்காரர்கள்' என்று வரும். பொய்யில்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இன்னொரு வலை, வெளியீட்டில் வரும் `Linear-by-Linear Association` என்ற வரி. வரிசைப்படுத்த முடியாத வகைகளுக்கு அது பொருந்தாது. `Pearson Chi-Square` வரியை மட்டும் எடுங்கள்.

நான் எழுதியது இது: "நில நிலைக்கும் வெளியூர் வேலைக்கும் இடையே புள்ளியியல் முக்கியத்துவமுள்ள தொடர்பு காணப்பட்டது, χ²(4, N = 180) = 11.30, p = .023; தொடர்பு வலுவானதன்று (கிராமரின் V = .18). சொந்த நிலமுள்ள வீடுகளில் 19.4 சதவீதமும், குத்தகை வீடுகளில் 7.5 சதவீதமும், கூலி வீடுகளில் 3.8 சதவீதமும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியுள்ளன. பதில் அளிக்காத 6 வீடுகள் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை. அவற்றில் 4 கூலிக் குடும்பங்கள்."

தொடர்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். கை-ஸ்கொயர் அட்டவணை முழுவதற்கும் ஒரே தீர்ப்புச் சொல்வது. கட்டத்தைக் காட்டுவது `Adjusted Residual`. அது ±2-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சொந்த நிலம், வெளிநாடு கட்டத்தில் 3.0; கூலி, வெளிநாடு கட்டத்தில் −2.4. 'யாரும் போகவில்லை' பத்தியில் ஒன்றுமே இல்லை. பொறுப்பாளர் சொன்னபடி சேர்த்தபோது எல்லாம் மறைந்ததற்குக் காரணமும் அதுதான்.

நிலம் இருப்பதால்தான் வெளிநாடு போகிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. சிங்கப்பூர்ப் பணத்தில் பிறகு நிலம் வாங்கிய வீடுகளும் அந்த 12-க்குள் இருக்கலாம். எது முதலில் வந்தது என்பதை எங்கள் கேள்வித்தாள் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டது, "186 வீடு என்கிறாய், அட்டவணையில் 180 இருக்கிறது. மீதி ஆறு எங்கே?" பதில் அளிக்காத வீடுகளைப் பற்றிய வாக்கியத்தில் விரலை வைத்துக் காட்டினேன். தலையசைத்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்.

அதே கோப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பயிர்க் காப்பீடு பற்றிய மாறியிலும் 9 அப்படியே கிடக்கிறது, வயதில் 99. ஓட்டுவதற்கு முன் `FREQUENCIES` ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.