மாலை வரை அனுப்பாத பதில்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் ஆண்டு, நான் பெருமையாக நினைத்திருந்தது என் வேகத்தைத்தான். காலை ஒன்பது மணிக்கு மேஜையில் உட்காருவேன். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வாங்குபவர் இரவில் அனுப்பியிருக்கும் மின்னஞ்சலைப் படித்து, ஒன்பதேகாலுக்குள் பதில் போட்டுவிடுவேன். கண்ணில் பட்ட முதல் சந்தேகத்தை அப்போதே கேட்டுவிடுவேன். எட்டு நாள் வீணான பிறகுதான், அந்த வேகத்தால் யாருக்கும் பயனில்லை என்று புரிந்தது.

கோடைக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பின் பதின்மூன்றரை மணி நேரம். கோடையில் நான் காலை ஒன்பதேகாலுக்கு எழுதும்போது அங்கே முந்தைய நாள் இரவு எட்டேமுக்கால். வாங்குபவர் அலுவலகத்தை விட்டுப் போயிருப்பார். அவர் மறுபடி மேஜைக்கு வரும் அவர்களுடைய காலை ஒன்பது மணி, நமக்கு இரவு ஒன்பதரை. ஆக, நான் காலை ஒன்பதேகாலுக்கு அனுப்பினாலும் மாலை ஆறு மணிக்கு அனுப்பினாலும் அவர் அதைத் திறக்கும் நேரம் ஒன்றுதான். இடையில் முழுப் பகல் நம் கையில் இருக்கிறது. அந்தப் பகலை நான் ஒரே ஒரு கேள்விக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டு நாள் கணக்கு இது. கோடு போட்ட பருத்தி விரிப்பு, குவீன் அளவு, 1,500 செட். ஒரு செட்டில் மேல் விரிப்பு ஒன்று, மூலைகளில் எலாஸ்டிக் வைத்து மெத்தையின் மேல் மாட்டும் ஃபிட்டட் ஷீட் ஒன்று, தலையணை உறை இரண்டு. ஆர்டர் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வந்தது. மேல் விரிப்பின் அளவு 90க்கு 102 அங்குலம் என்று போட்டிருந்தது. அது துவைப்பதற்கு முந்தைய அளவா, பிந்தைய அளவா என்று அன்று காலையே கேட்டேன். புதன்கிழமை காலை பதில்: துவைத்த பின். சரியான கேள்விதான். எங்கள் துணி நான்கு சதவீதம் சுருங்கும். 102 அங்குலம் கிடைக்க வேண்டுமென்றால் 106 அங்குலத்துக்குச் சற்று மேல் வெட்ட வேண்டும்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டரிடம் போனேன். அவர் ஆர்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபிட்டட் ஷீட்டுக்குப் பாக்கெட் 15 இஞ்ச் என்று எழுதியிருக்கிறதே அம்மா, அது மெத்தையின் உயரமா, நாம் தைக்கும் பக்கவாட்டின் உயரமா?" என்றார். புதன் மாலை அதைக் கேட்டு எழுதினேன். வியாழன் காலை வந்த பதிலை இன்றும் மறக்கவில்லை: "ஆமாம், 15 அங்குலம்."

தவறு வாங்குபவருடையது அல்ல. இதுவா அதுவா என்று ஒரே வாக்கியத்தில் கேட்டிருந்தேன். நாற்பது மின்னஞ்சல்களுக்கு நடுவே அதைப் படித்தவர், எண் சரியா என்று நான் கேட்பதாக எடுத்துக்கொண்டார். திருத்தி எழுதி அனுப்பி, வெள்ளிக்கிழமை காலைதான் தெளிவான விடை வந்தது: பக்கவாட்டு உயரமே 15, அதற்குக் கீழே மடங்கிப் போக இன்னும் இரண்டு.

இந்த ஒரு விடை இல்லாமல் தறியில் பாவு ஏற்ற முடியாது. மெத்தையின் அகலம் 60. இரு பக்கமும் 15, மடிப்புக்கு இரண்டிரண்டு, மொத்தம் 94. மெத்தை உயரம்தான் 15 என்றால், அதை மூடப் பக்கவாட்டை 17 என்று வைக்க வேண்டியிருக்கும், அப்போது 98. சுருக்கத்தையும் சேர்த்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 98, மற்றதற்கு 102 அங்குல அகலத் துணி வேண்டும். மேல் விரிப்பின் 90 அங்குலத்துக்கு இவ்வளவு தேவையில்லை. தறியின் அகலத்தை முடிவு செய்தது நான் இரண்டாவதாகக் கேட்ட கேள்வி. முதலாவதாகக் கேட்டது அல்ல.

வெள்ளிக்கிழமை, தலையணை உறையில் கோடு நீளவாக்கில் ஓடுமா குறுக்கே ஓடுமா என்று கேட்டேன். துணிக் கணக்கும் சாயப்பட்டறைக்குச் சொல்ல வேண்டிய நூல் கணக்கும் அதைப் பொறுத்தவை. பதில் சனிக்கிழமை காலை வந்தது. சனிக்கிழமை லேபிள் விவரம் கேட்டேன். அமெரிக்காவில் விற்கும் துணியில் என்ன நூல், எந்த நாட்டில் செய்தது என்பதோடு, விற்பவரின் பெயரோ பதிவெண்ணோ இருக்க வேண்டும். அந்த எண்ணை யாரும் எனக்குத் தந்திருக்கவில்லை. நமக்குச் சனிக்கிழமை வேலை நாள். அங்கே அது வெள்ளி இரவு தொடங்கி இரண்டு நாள் விடுமுறை. என் கேள்வியை அவர்கள் படித்தது நம் திங்கள் இரவு. செவ்வாய் காலை, "வேறு பிரிவிடம் கேட்டிருக்கிறேன்" என்று பதில். எண் வந்தது புதன்கிழமை.

நான்கு கேள்விகளுக்கு, செவ்வாய் தொடங்கி அடுத்த புதன் வரை எட்டு நாள். தூத்துக்குடியில் கப்பல் ஏறும் தேதி மாறவில்லை. போன நாட்களைத் தையல் பிரிவிலிருந்துதான் எடுத்தோம். கடைசி வாரம் அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் இருவருக்குக் கைக்குழந்தை. என் ஒன்பதேகால் மணி வேகத்துக்கு அவர்கள் விலை கொடுத்ததை நான் இன்னும் சுமக்கிறேன்.

அதன் பிறகு என் பகலை மாற்றினேன். ஆர்டர் வந்த காலையில் ஒரு வரி மட்டும் அனுப்புவேன்: கிடைத்தது, எங்கள் கேள்விகள் எல்லாம் உங்கள் காலைக்குள் ஒரே கடிதமாக வரும். பிறகு ஆர்டரை அச்செடுத்து, துணி போகும் வழியில் நானும் போவேன். முதலில் நூல் வாங்குபவர், அடுத்து நெசவு மேற்பார்வையாளர், கட்டிங் மாஸ்டர், தையல் பிரிவு, பெட்டி கட்டும் இடம், கடைசியில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் அண்ணன். "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். "இந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக் காலை வேலையைத் தொடங்கச் சொன்னால் எந்த இடத்தில் நிற்பீர்கள்?" என்று கேட்பேன். மாஸ்டர் உடனே விரலை வைப்பார். ஆறாம் நாள் வரவேண்டிய கேள்வி முதல் நாள் பதினோரு மணிக்கே என் தாளில் ஏறிவிடும்.

பிற்பகல் எழுத உட்காருவேன். ஒவ்வொரு கேள்விக்கும் எண். இரண்டு வழி இருந்தால் "அ" என்று ஒரு வரி, "ஆ" என்று ஒரு வரி. அவர் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். ஆமாம் என்று எழுத அங்கே இடமில்லை. பாக்கெட் போன்றவற்றுக்கு மாஸ்டர் பென்சிலால் மெத்தையை வரைந்து அம்புக்குறி போட்டுத் தருவார், அதைப் படம் பிடித்து இணைப்பேன். பிறகு ஒவ்வொரு விடையும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அடுத்து நான் எதைக் கேட்பேன் என்று பார்ப்பேன். "ஆ என்றால், மடிப்பு இரண்டு அங்குலம் போதுமா?" என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுவேன். விடைக்குப் பின் வரும் கேள்விக்குத்தான் இன்னொரு நாள் போகிறது.

லேபிள் கேள்வியைத் தனிப் பத்தியாக, அதற்குத் தேவையான விவரங்களோடு எழுதுவேன். வாங்குபவர் அதை வேறு பிரிவுக்கு அப்படியே திருப்பி அனுப்பலாம். மற்ற விடைகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த முறையிலும் நான் சறுக்கியிருக்கிறேன். ஒருமுறை பதினான்கு கேள்விகளை வரிசையாக அனுப்பினேன். முதல் மூன்றுக்கு மட்டும் விடை வந்தது. மற்றவை அடுத்த நாள் என்றார்கள், வரவில்லை. அதன் பின், வேலையை நிறுத்தும் கேள்விகள் மட்டும் மேலே. அவை ஆறு ஏழைத் தாண்டினால் நான் ஆர்டரைச் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். மற்றவற்றைக் கேள்வியாக வைக்காமல், "இப்படிச் செய்யப் போகிறோம், மாற்ற வேண்டுமானால் உங்கள் புதன் மாலைக்குள் சொல்லுங்கள்" என்று கீழே எழுதுவேன்.

இந்தக் கீழ்ப்பகுதியில்தான் கவனம் வேண்டும். லேபிளை எந்த மூலையில் தைப்பது என்பதை ஒருமுறை அப்படி எழுதிவிட்டுத் தையலைத் தொடங்கினோம். வாங்குபவர் விடுப்பில் இருந்திருக்கிறார். அவர் வந்து வேறு மூலை என்று சொன்னபோது 400 செட் தைத்தாகிவிட்டது. பிரித்துத் தைத்தோம், பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியாமலிருக்க ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் தேய்த்தோம். அவருடைய மறுப்பு வருவதற்குள் மாற்ற முடியாமல் போகும் எதையும் இப்போது கீழ்ப்பகுதியில் எழுதுவதில்லை. பதிவெண்ணும் பாக்கெட் உயரமும் எப்போதும் மேலேதான்.

தறி ஓடத் தொடங்கிய பிறகு வரும் பிரச்சினை வேறு. சாயம் மாறி வந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு மாலை வரை கேள்வி சேர்ப்பது பைத்தியக்காரத்தனம். அப்போது அந்த நொடியே எழுதுவேன். இரவு ஒன்பதரைக்கு வீட்டிலிருந்து தொலைபேசியிலும் கூப்பிடுவேன்.

போன ஆண்டு அதே வாங்குபவரிடமிருந்து அதே அளவில் இன்னோர் ஆர்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. மாலை 5:50க்கு ஐந்து கேள்விகள், மாஸ்டரின் படம் ஒன்று, கீழே நான்கு வரிகள். புதன் காலை அச்செடுத்த பதிலில் ஒரு எண், ஓர் எழுத்து என்று ஐந்து வரிகள் இருந்தன. லேபிள் விடையை மட்டும் வேறொருவர் தனியாக எழுதியிருந்தார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டாம் எண்ணுக்கு எதிரே இருந்த எழுத்தைப் பார்த்தார். தாளை வெட்டு மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டு, "98 அகலம் என்று தறிக்குச் சொல்லிவிடுங்கள் அம்மா" என்றார். மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது.