மாலை 6:40, ஒன்பது அழைப்புகள், மூன்று குரல் பதிவுகள்

மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடு ஆடு பார்க்கும் மருத்துவர் நான். பகலில் கை பெரும்பாலும் மாட்டுக்குள் இருக்கும், அல்லது ஸ்கூட்டி கைப்பிடியில் இருக்கும். போன் பையில் அடித்து ஓயும். வீட்டுக்கு வந்து கை கழுவி, திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்துப் பார்ப்பேன்.

முன்பெல்லாம் பட்டியலின் மேலிருந்து ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே போவேன். மேலே இருப்பது கடைசியாக வந்த அழைப்பு என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு நாள் எட்டுப் பேரிடம் பேசி முடித்து, குரல் பதிவுகளைத் திறக்கும்போது மணி 8:45. நாலு மணிக்கு வந்த ஒன்றில், முந்தின நாள் கன்று போட்ட பசு படுத்துவிட்டது, எழுந்திருக்கவில்லை என்று ஒரு பெண் சொல்லியிருந்தார். போய்ச் சேர்வதற்குள் பசு செத்துவிட்டது. அந்த எட்டில் ஒருவர் ஊசி மருந்து விற்பனைப் பிரதிநிதி. அவரிடம்தான் அதிக நேரம் பேசியிருந்தேன்.

இப்போது முதலில் குரல் பதிவுகள்தான். தவறிய அழைப்பு யார் என்று மட்டும் சொல்லும், குரல் பதிவு எதற்கு என்றும் சொல்லும். ஒரு சங்கடம், நான் கேட்டதும் அவர்கள் பக்கத்தில் மைக் குறி நீலமாகிவிடும். கேட்டும் பேசவில்லையே என்று நினைப்பார்கள். அதனால் கேட்ட கையோடு "கேட்டேன், கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுவேன். அப்புறம் பழைய நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொள்வேன்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, 6:40. ஆறு எண்களிலிருந்து ஒன்பது அழைப்புகள், மூன்று குரல் பதிவுகள்.

முதல் பதிவு பரவாக்கோட்டைப் பக்கம். "நேத்து கன்னு போட்டுச்சும்மா, இப்ப படுத்துடுச்சு, தலையை வயித்துப் பக்கம் மடிச்சு வச்சிருக்கு." இது அநேகமாகப் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, உடம்பு குளிர்ந்துபோகும். அடுத்தது, அதே சாலையில் உள்ள ஓர் ஊரில் காலையிலிருந்து கத்தும் மாட்டுக்குச் சினை ஊசி. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் போட வேண்டும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். ஆக, இதற்குக் கெடு இன்று இரவு. மூன்றாவது, இரண்டு மணிக்குக் கன்று போட்ட பசு, நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை.

எழுதி முடித்ததும் பரவாக்கோட்டைக்குத்தான் அழைத்தேன். காது சில்லென்று இருக்கிறதா, நெஞ்சை ஊன்றி உட்கார்ந்திருக்கிறதா, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டதா என்று கேட்டேன். காது சில்லென்று இருந்தது, இன்னும் சாயவில்லை. சாயாமல் இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுக்கச் சொன்னேன். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். இந்த நிலையில் மாட்டுக்கு விழுங்க வராது, ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும்.

இரண்டாவது அழைப்பு மருந்துக் கடைக்கு. ஆறு எண்களில் அதுவும் ஒன்று, ஏதோ பாக்கிக் கணக்கு. சாதாரணமாகக் கடைசியில் பேசுகிற ஆள். ஆனால் என் பெட்டியில் கால்சியம் பாட்டில் ஒன்றுதான் இருந்தது, கடையோ எட்டரைக்கு மூடிவிடும். ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன்.

மூன்றாவது, 5:20 முதல் 5:32 வரை மூன்று முறை அழைத்த எண். பட்டியலில் அது ஒரே வரியாகத்தான் தெரியும், தொட்டுப் பார்த்தால்தான் மூன்று நேரமும் வரும். பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று முறை அடித்துவிட்டு ஓய்ந்தால் ஒன்று தீர்ந்திருக்கும், இல்லை முற்றியிருக்கும். "ஆடு ரேஷன் அரிசி மூட்டையில வாய வச்சிருச்சும்மா, வேற டாக்டர் வந்து பாத்துட்டாரு." இருபது நொடியில் முடிந்தது.

நஞ்சுக்கொடிக்கு இன்று போக வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருக்கலாம். ஆனால் பேசாமல் விட முடியாது. எங்கள் பக்கம் கொடி தானாக விழட்டும் என்று பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள், யாராவது இழுத்தும் பார்ப்பார்கள், உள்ளே கிழிந்துவிடும். "செருப்பு கட்டியாச்சா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இப்பதாம்மா கட்டுனோம்." அவிழ்க்கச் சொன்னேன், காலையில் வருகிறேன் என்றேன்.

சினை ஊசிக்காரரிடம் எட்டு மணிக்கு வாசலில் விளக்குப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பரவாக்கோட்டையில் பாட்டிலை மெதுவாக ஏற்றினேன். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் ஒரு காது ஸ்டெதஸ்கோப்பிலேயே இருக்கும். அரை மணியில் பசு சாணி போட்டு எழுந்தது.

திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் ஓர் எண் மட்டும் மீதம். மணி ஒன்பதரை. இந்த ஊர்களில் அந்த நேரத்துக்கு அழைத்தால் சாவுச் செய்தி என்றுதான் பதறுவார்கள். விடிகாலைப் பால் கறவை முடிகிற ஆறு மணிக்கு அழைத்தேன். "நான் கூப்பிடலைங்க, பக்கத்து வீட்டு அக்காதான் போன் வாங்கிப் பேசுனாங்க. இருங்க, கூப்பிடுறேன்."