ஏறும் கோட்டுக்கு டிசிடி, சுழலும் தண்டுக்கு டிஎஃப்டி

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் மோட்டார் டெஸ்டிங்கில் வேலை செய்கிறேன். மோட்டாரை ஓடவிட்டால் வைண்டிங்கின் சூடு மெல்ல ஏறிக்கொண்டே போகும், அதை எட்டு எட்டு சாம்பிளாகச் சுருக்கி அனுப்புவது என் பொறுப்பு. எண் வரிசையை அலைகளாகப் பிரிக்கும் இரண்டு முறைகளில், இப்படி மெதுவாக ஏறும் கோட்டுக்கு டிஎஃப்டி எனும் டிஸ்கிரீட் ஃபூரியர் உருமாற்றம் ஏன் ஒத்துவராது, டிசிடி எனும் டிஸ்கிரீட் கொசைன் உருமாற்றம் ஏன் பொருந்துகிறது என்பது 0, 1, 2, 3, 4, 5, 6, 7 என்ற சின்ன வரிசையிலேயே தெரிந்துவிடும்.

இந்த வரிசையின் மொத்த ஆற்றல், அதாவது வர்க்கங்களின் கூடுதல், 140. அதில் 98 சராசரிக்கே (3.5) போய்விடும், அது இரண்டு முறைக்கும் பொது. மிச்சம் 42 எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. டிசிடியில் சராசரிக்கு அடுத்து வரும் முதல் குணகம் −6.44, அதன் ஆற்றல் 41.5, கிட்டத்தட்ட எல்லாமே அங்கேயே வந்துவிட்டது. டிஎஃப்டியில் முதல் அதிர்வெண் ஜோடிக்கு 27.3தான், மீதி மற்ற அதிர்வெண்களில் சிதறிக் கிடக்கும். அந்த ஜோடியை வைத்துக்கொள்ள மெய், கற்பனை என்று இரண்டு எண் வேறு வேண்டும்.

சரி, சராசரியையும் இந்த முதல் பகுதியையும் மட்டும் வைத்துத் திரும்பக் கட்டினால்?

```
DCT: 0.34 0.82 1.71 2.87 4.13 5.29 6.18 6.66
DFT: 2.50 1.09 1.09 2.50 4.50 5.91 5.91 4.50
```

இரண்டையும் வரைந்து காட்டியபோது எங்கள் டெஸ்ட் பெஞ்ச் அண்ணன் டிஎஃப்டி கோட்டைக் காட்டி உடனே கேட்டார்: "இதென்னுங் தம்பி, சூடு ஏறிட்டிருக்கறப்ப இது மொதல்ல எறங்குதுன்னு காட்டுது?"

"ஏழுக்கு அப்புறம் மறுபடி பூஜ்யத்துல ஆரம்பிக்குதுன்னு அது எடுத்துக்குதுங்ண்ணா."

காரணம் அவ்வளவுதான். டிஎஃப்டி வரிசையை அப்படியே திரும்பத் திரும்ப ஒட்டுகிறது, அதனால் 7க்கு அடுத்து 0 வந்து ஒரு செங்குத்தான வீழ்ச்சி உண்டாகிறது, நம் தரவில் இல்லாத அந்த வீழ்ச்சியை வரையத்தான் உயர் அதிர்வெண்கள் எல்லாம் செலவாகின்றன, இரண்டு முனைகளும் கெடுவதும் அதனால்தான். டிசிடியோ முனையில் கண்ணாடி வைத்ததுபோல 7க்குப் பிறகு 7, 6, 5 என்று திருப்பிவிடுகிறது. குதிப்பு இல்லை, சாய்வு மட்டும் மாறுகிறது, ஆகவே குணகங்கள் வேகமாகத் தேய்கின்றன. 1974இல் அகமது, நடராஜன், ராவ் மூவரும் வெளியிட்ட இந்த உருமாற்றத்தை ஜேபெக் 8×8 கட்டங்களில் பயன்படுத்துவதற்கும் இந்தக் குணமே முக்கியக் காரணம்.

பைத்தானில் சரிபார்க்கிறவர்கள் `scipy.fft.dct(x, norm="ortho")` என்றே போடுங்கள். அந்த `norm` இல்லாவிட்டால் முதல் எண்ணே 56 என்று வரும், வர்க்கங்களைக் கூட்டினால் 140 கிடைக்காது, அப்புறம் எந்தச் சதவீதமும் நம்பத்தக்கதல்ல.

ஆனால் இதே பெஞ்சில் அதிர்வு அளக்கும்போது நான் டிஎஃப்டியைத்தான் எடுக்கிறேன். தண்டு சுற்றுவதோடு ஒத்திசைத்து, முழுச் சுற்றுகளாக சாம்பிள் எடுத்தால் முனையும் தொடக்கமும் தானாகவே இணைந்துவிடும், அங்கே ஒரு சைன் அலை ஒரே ஜோடியில் அடங்கும், டிசிடியில் போட்டால் அதுவே பல குணகங்களில் சிதறும்.