நிர்வாகி விட்டுப்போன கடவுச்சொல்

நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். நெல்லும் உரமும் வாங்கி விற்கும் தொழில் என்பதால் அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர், தென்காசி என்று சுற்றிலும் கிளைகள் உண்டு. கிளைகளில் கணினிக்கென்று தனி ஆள் கிடையாது. அங்கே பிரிண்டர் மக்கர் செய்தால் வண்ணார்பேட்டையில் உட்கார்ந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்வார்கள். எந்தக் கணக்கில் போவார்கள் என்றால், நிறுவனத்தின் எல்லாக் கணினிகளையும் திறக்கும் டொமைன் நிர்வாகிக் கணக்கில். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வேரூன்றிவிட்ட வழக்கம் அது. வேலை முடிந்ததும் லாக் ஆஃப் செய்யாமல், ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போய்விடுவதும் அந்த வழக்கத்தில் ஒரு பகுதி.

அம்பாசமுத்திரம் கிளையின் கணக்குப்பிள்ளைக்கு ஒரு நாள் வரி நோட்டீஸ் என்ற பெயரில் மின்னஞ்சல் வந்தது. இணைப்பைத் திறந்துவிட்டார். "வரி ஆபீஸ் என்று போட்டிருந்தது தம்பி, திறக்காமல் இருக்க முடியுமா?" என்று பிறகு கேட்டார். "முடியாதுதான் அண்ணாச்சி" என்றேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பழைய கணக்கு மென்பொருள் நிர்வாகி உரிமை இல்லாமல் ஓடாது என்பதற்காக, அந்தக் கணினியில் அவருக்கு நிர்வாகி உரிமை கொடுத்து வைத்திருந்தது நிறுவனம். உள்ளே வந்த நிரலுக்கும் அதே உரிமை தானாகக் கிடைத்துவிட்டது. அது முதலில் கைவைத்தது கோப்புகளில் அல்ல, lsass.exe என்ற புராசஸின் நினைவகத்தில்.

பயனர் உள்நுழையும்போது கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது இந்த lsass.exe. சரிபார்த்த பிறகும் அது எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. பொதுக் கோப்புறையைத் திறக்கும்போதும் பிரிண்டருக்கு அனுப்பும்போதும் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹேஷ் என்ற குறியையும், கெர்பராஸ் டிக்கெட்டுகள் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டுகளையும் உள்நுழைவு நீடிக்கும்வரை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஹேஷ் தானே, அதைக் கடவுச்சொல்லாக மாற்ற நாளாகும் என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. விண்டோஸின் என்டிஎல்எம் என்ற உள்நுழைவு முறையில் அந்த ஹேஷே அடுத்த கணினிக்குள் நுழையப் போதும். 2011-இல் பெஞ்சமின் டெல்பி என்ற பிரெஞ்சு நிரலாளர் மிமிகாட்ஸ் என்ற கருவியை வெளியிட்டு இதை ஊரறியச் செய்தார். 2017 ஜூனில் பரவிய நாட்பெட்யா, ஒரு கணினியின் நினைவகத்தில் கிடைத்த கடவுச்சொல்லைக்கொண்டும் அடுத்த கணினிக்குத் தாவியது.

எங்கள் கதையில் விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டர் முந்திக்கொண்டது. நினைவகத்தின் பிரதி வட்டில் எழுதப்பட்ட உடனேயே அடையாளம் கண்டு அழித்துவிட்டது. கணினியின் நடப்புகளைக் குறித்துவைக்கும் சிஸ்மான் கருவியின் பதிவேட்டில் 10-ஆம் எண் நிகழ்வு மட்டும் எஞ்சியிருந்தது. ஒரு புராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைத் திறக்கும்போது விழும் பதிவு அது. திறந்தது rundll32.exe, திறக்கப்பட்டது lsass.exe. கணக்குப்பிள்ளையின் அன்றாட வேலையில் அந்த இரண்டும் சந்திக்கக் காரணமே இல்லை.

பலர் இந்த இடத்தில் 'அழித்தாகிவிட்டது' என்று கோப்பை மூடிவிடுவார்கள். அந்தப் பிரதியில் என்ன இருந்திருக்கும் என்பதுதான் என்னைக் குடைந்தது. அந்தக் கணினியில் query user என்று அடித்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளையின் பெயருக்கு எதிரே Active. அதற்குக் கீழே நிர்வாகிக் கணக்கின் பெயர், எதிரே Disc. எப்போதோ பிரிண்டரைச் சரிசெய்யப் போனவர் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு வந்ததன் மிச்சம். ஜன்னலை மூடினால் தொடர்புதான் அறுகிறது. உள்நுழைவு அப்படியே உயிரோடு இருக்கிறது, ஹேஷும் நினைவகத்தில் இருக்கிறது. ஆக, களவு போகவிருந்தது கணக்குப்பிள்ளையின் கடவுச்சொல் மட்டுமல்ல, நிறுவனம் முழுவதன் சாவி.

அழிப்பதற்குள் பிரதி வெளியே போகவில்லை என்று நிரூபிக்க முடியாததால், போய்விட்டதாகவே வைத்துக்கொண்டோம். முதல் வேலையாக நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றினோம். ஹேஷ், கடவுச்சொல் மாறும்வரை செல்லும். கெர்பராஸ் டிக்கெட்டுக்கு இயல்பான ஆயுள் 10 மணி நேரம். அதனால் அன்று மாலைவரை அந்தக் கணக்கின் நடமாட்டத்தைச் சர்வரில் கவனித்துக்கொண்டே இருந்தோம்.

பிறகுதான் lsass-இன் ரகசியங்களைக் காக்கும் பூட்டுகளின் பக்கம் திரும்பினோம்.

முதலாவது சுலபமானது. டபிள்யூடைஜெஸ்ட் என்ற பழைய உள்நுழைவு முறை கடவுச்சொல்லை எழுத்துக்கு எழுத்து மீட்கக்கூடிய வடிவில் நினைவகத்தில் வைத்திருந்தது. விண்டோஸ் 8.1 முதல் இது இயல்பாகவே அணைந்திருக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2014-இல் வந்த KB2871997 அணைக்கும் வசதியைத் தந்தது. ஆனால் உள்ளே வந்தவன் UseLogonCredential என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்கிவிட்டு, அடுத்தவர் உள்நுழையும்வரை காத்திருக்கலாம். எனவே எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளைத் தரும் குரூப் பாலிசி வழியாக அதை 0 என்று நிறுத்தினோம். யாராவது அதைத் தொட்டால் எச்சரிக்கை வரும்படியும் செய்தோம். இதனால் எந்த மென்பொருளும் முனகவில்லை.

இரண்டாவது பூட்டுதான் எங்களைச் சிந்திக்கவைத்தது. lsass.exe-ஐப் பாதுகாக்கப்பட்ட புராசஸாக ஓடவிட்டால், நிர்வாகி உரிமை இருந்தாலும் சாதாரண நிரல் எதுவும் அதன் நினைவகத்தைப் படிக்க முடியாது. அதோடு, மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இல்லாத டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்பு எதையும் அது தனக்குள் ஏற்றிக்கொள்ளாது. இந்த இரண்டாவது குணம் நல்லதுதான், ஆனால் அதில்தான் தகராறும் வரும். உள்நுழைவில் தலையிடும் பழைய மென்பொருள்கள் இப்படியொரு டிஎல்எல்லை வைத்துத்தான் பிழைக்கின்றன. எனவே முதலில் தடுக்காமல், எவையெல்லாம் தடுக்கப்படும் என்று பதிவு மட்டும் செய்யச் சொன்னோம்:

```
reg add "HKLM\SOFTWARE\Microsoft\Windows NT\CurrentVersion\Image File Execution Options\LSASS.exe" /v AuditLevel /t REG_DWORD /d 8
```

மறுதொடக்கத்துக்குப் பிறகு CodeIntegrity பதிவேட்டில் 3065, 3066 என்ற எண்களைத் தேட வேண்டும். கிளைகளில் எதுவும் விழவில்லை. தலைமை அலுவலகத்தில் சில கணினிகளில் 3066 வரிசையாக விழுந்தது. எல்லாம் ஒரே டிஎல்எல். முன்பு எப்போதோ வாங்கிய கைரேகை உள்நுழைவுக் கருவியுடன் வந்தது. பூட்டை நேரடியாகப் போட்டிருந்தால் மறுநாள் காலை மேலாளர்கள் விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்திருப்பார்கள். அந்த மென்பொருளை நீக்கி, விண்டோஸ் ஹலோவுக்கு மாற்றிய பிறகே பூட்டினோம்:

```
reg add "HKLM\SYSTEM\CurrentControlSet\Control\Lsa" /v RunAsPPL /t REG_DWORD /d 2
```

கடைசியில் உள்ள 2 என்பதைக் கவனிக்க வேண்டும். 1 என்று கொடுத்தால், செக்யூர் பூட் உள்ள கணினியில் இந்த அமைப்பு யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரிலும் எழுதப்பட்டுவிடும். பிறகு ரெஜிஸ்ட்ரியில் அழித்தாலும் பூட்டு திறக்காது. திருடனும் திறக்க முடியாது என்பது அதன் பலம். 2 என்பது விண்டோஸ் 11-இன் 22H2 பதிப்பிலிருந்துதான் செல்லும். முதல் மாதங்களில் 2 போதும், எல்லாம் அடங்கிய பிறகு 1-க்குப் போகலாம் என்பது என் கட்சி. பூட்டு விழுந்ததா என்பதை System பதிவேட்டில் Wininit எழுதும் 12-ஆம் எண் நிகழ்வு சொல்லிவிடும்.

இந்தப் பூட்டை உடைக்க வழி இல்லையா என்றால், உண்டு. பாதுகாப்பைக் கொடுப்பது விண்டோஸின் மையமான கெர்னல்; கெர்னலுக்குள் ஒரு டிரைவரை ஏற்ற முடிந்தவன் அந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிடலாம். மிமிகாட்ஸுடனேயே அப்படி ஒரு டிரைவர் வருகிறது. ஓட்டை உள்ள, ஆனால் முறையாகக் கையொப்பமிடப்பட்ட யாரோ ஒருவரின் டிரைவரைக் கொண்டுவருவதும் வழக்கமாகிவிட்டது. அதற்காக, கெர்னலுக்குள் ஏறும் நிரல்களைச் சரிபார்க்கும் மெமரி இன்டெக்ரிட்டியையும், ஓட்டை டிரைவர்களின் தடைப்பட்டியலையும் சேர்த்தே இயக்கினோம்.

மூன்றாவது பூட்டான கிரெடென்ஷியல் கார்டு வேறு வகை. முந்தையது ரகசியம் இருக்கும் அறையைப் பூட்டுகிறது. இது ரகசியத்தையே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுகிறது. விண்டோஸுக்கு அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் தனியாக ஒரு பகுதியை ஒதுக்க, அங்கே LsaIso.exe ஓடுகிறது. டொமைன் கணக்குகளின் ஹேஷும் கெர்பராஸின் மூல டிக்கெட்டும் அங்கேதான் இருக்கும். கெர்னலுக்குள் நுழைந்தவனாலும் அந்தப் பகுதியின் நினைவகத்தைப் படிக்க முடியாது. ஓடுகிறதா என்று பார்க்க:

```
(Get-CimInstance -Namespace root\Microsoft\Windows\DeviceGuard -ClassName Win32_DeviceGuard).SecurityServicesRunning
```

விடையில் 1 இருந்தால் ஓடுகிறது. 2 மட்டும் வந்தால் அது மெமரி இன்டெக்ரிட்டி. இரண்டையும் குழப்பிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எண்டர்பிரைஸ் உரிமம் வேண்டும். கிளைகளில் இருப்பதோ புரோ பதிப்பு. ஆகவே தலைமை அலுவலகத்துக்கு மூன்று பூட்டும், கிளைகளுக்கு முதல் இரண்டும் என்று முடிவாயிற்று. தலைமை அலுவலகத்தில் இயக்கிய மறுநாளே வைஃபை சண்டித்தனம் செய்தது. எங்கள் வைஃபை, விண்டோஸ் கடவுச்சொல்லையே எம்எஸ்-சாப் வி2 முறையில் தானாகக் கொடுத்து இணைந்துகொண்டிருந்தது. கிரெடென்ஷியல் கார்டு அப்படி எடுத்துக்கொடுக்க மறுத்துவிட்டதால், எல்லோருக்கும் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்து நின்றது. பாதுகாப்பை அணைத்துவிடு என்று உடனே குரல் எழுந்தது. அணைக்காமல், கணினிகளுக்குச் சான்றிதழ் கொடுத்து வைஃபையை இஏபி-டிஎல்எஸ் முறைக்கு மாற்றினோம். பாதுகாப்பு அமைப்புகளில் பாதி இப்படித்தான், வைஃபைக்காகவோ பிரிண்டருக்காகவோ ஒரு மதிய வேளையில் அணைக்கப்பட்டு, அதன்பின் யாராலும் இயக்கப்படாமலே கிடக்கின்றன.

இந்த மூன்றாவது பூட்டும் காக்காதவை உண்டு. அந்தந்தக் கணினியின் உள்ளூர்க் கணக்குகள் எஸ்ஏஎம் கோப்பில் இருக்கின்றன. அவை இதன் எல்லைக்குள் வராது. எல்லாக் கிளைகளிலும் ஒரே உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் இருந்ததால் விண்டோஸ் லாப்ஸைக் கொண்டுவந்து, கணினிக்கு ஒரு கடவுச்சொல் என்று மாற்றினோம். பயனர் விசைப்பலகையில் அடிக்கும்போதே கவர்ந்துகொள்ளும் நிரலையும் இது தடுக்காது. lsass-க்குள் ஒரு போலி டிஎல்எல்லை நுழைத்து அடிக்கிற கடவுச்சொல்லைப் பிடிப்பதை, இரண்டாவது பூட்டுதான் தடுக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது.

ரிமோட் டெஸ்க்டாப் வழக்கத்தையும் மாற்றினோம். கிளைகளைப் பார்க்கத் தனிக் கணக்கு. அதற்குச் சர்வர்களில் எந்த உரிமையும் இல்லை. டொமைன் நிர்வாகிக் கணக்கு கிளைக் கணினிகளில் உள்நுழையவே முடியாதபடி குரூப் பாலிசியில் தடை. துண்டிக்கப்பட்ட உள்நுழைவு சிறிது நேரத்தில் தானாகவே லாக் ஆஃப் ஆகிவிடும். இதற்கெல்லாம் உரிமச் செலவு ஒரு பைசா இல்லை. மூன்று பூட்டுகளையும்விட இந்த மாற்றம்தான் அதிகம் காத்தது என்பேன்.

மிஞ்சி நிற்பது சங்கரன்கோவில் எடைமேடைக் கணினி. அதில் விண்டோஸ் 7. எடை காட்டும் கருவியின் மென்பொருள் அதற்கு மேல் வராது. இரண்டாவது பூட்டுக்கும் மூன்றாவதற்கும் அதில் இடமே இல்லை. டொமைனிலிருந்து அதைக் கழற்றி, தனி உள்ளூர்க் கணக்கில் விட்டிருக்கிறோம். வலையமைப்பில் எடைச் சீட்டு அச்சிடும் பிரிண்டரைத் தவிர வேறு எதையும் அது எட்ட முடியாது. புதிய கருவிக்கு விலை வாங்கி முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். பிசான அறுவடை முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.