எதை முதலில் படிப்பது

"தாலி கட்டுறது மட்டும் வந்தா போதும்ணே, ரிசப்ஷன் போனா போகட்டும்" என்று, தான் எடுத்த கல்யாண வீடியோ இருந்த மெமரி கார்டு கெட்டுப்போய் என்னிடம் கொண்டுவந்த தம்பி சொன்னான். "மொத்தக் கார்டையும் முதல்ல அப்படியே இமேஜா நகல் எடுத்துடுவோம், எல்லாமே வரும்" என்றேன். இந்தப் பேச்சைத்தான் இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கார்டைப் போட்டதும் விண்டோஸ் "You need to format the disk in drive F: before you can use it" என்றது. போன தடவை இப்படி ஆனபோது chkdsk ஓட்டினதும் சரியாகிவிட்டதாம், இப்போதும் ஓட்டிப் பார்க்கலாம் என்றான். அதை மறுத்ததில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, நம் காட்சியைக் காப்பாற்றுவது அல்ல. புரியாத துண்டுகளை FOUND.000 என்ற ஃபோல்டரில் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, சாகக் கிடக்கிற கார்டின் மேலேயே எழுதும். அதனால் லினக்ஸில் முதலில் நகல்:

```
ddrescue -d -n /dev/sdb card.img card.map
```

இது படிக்க முடிந்ததை எல்லாம் இமேஜில் எழுதிக்கொண்டே, எது வந்தது, எது வரவில்லை என்று card.map கோப்பில் குறித்து வைக்கும். கார்டு தொங்கிப்போனால் பிடுங்கிச் செருகி, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்புறம் நடக்கிற மீட்பு வேலை எல்லாம் இமேஜில்தான்.

சிக்கல் வரிசையில் இருந்தது. ரிசப்ஷனுக்கு முன்னால் ஃபார்மட் செய்த 64 ஜி.பி. கார்டு அது. அதனால் முந்தின நாள் மாலைக் காட்சி முன்னாலும், மறுநாள் காலை முகூர்த்தம் பின்னாலும் இருந்தன. கட்டளை படிப்பது முன்னாலிருந்து. நானும் அப்படியே விட்டேன். காரணம் இல்லாமல் இல்லை: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கார்டின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது சில பத்து எம்.பி.க்குள் முடிந்துவிடும். அது வந்ததும் நிறுத்தி, `-i` போட்டு முகூர்த்தம் இருக்கும் இடத்துக்குத் தாவியிருக்கலாம். வேகம் நொடிக்கு 20 எம்.பி. காட்டியது. ஒரு மணி நேரத்தில் முழுக்க முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் தாவவில்லை.

நாற்பது ஜி.பி. தாண்டியதும் வேகம் கிலோபைட்டுக்கு இறங்கியது. ரீடரே காணாமல் போனது. செருகச் செருகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு கார்டு அடையாளமே தெரியவில்லை. மேப் கோப்பின் கடைசி வரி இது:

```
0xAC0000000  0x418000000  ?
```

கேள்விக்குறி என்றால் அந்தப் பகுதியை இன்னும் தொடவே இல்லை என்று அர்த்தம். கிட்டத்தட்ட பதினேழரை ஜி.பி. சிப்பிலிருந்து நேராக எடுத்துத் தரும் ஆய்வகம் கேட்ட தொகை, அந்தக் கல்யாணத்துக்கு அவன் வாங்கிய கூலியைவிட அதிகம்.

முகூர்த்த கிளிப் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் முடிந்தது. ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் அந்த கேமரா moov என்ற குறிப்பைக் கோப்பின் கடைசியில் எழுதும். எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். அது இல்லாத கிளிப்பை எந்தப் பிளேயரும் திறக்காது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாக வைத்து, உடைந்த கிளிப்பைச் சரிசெய்யும் untrunc-க்குக் கொடுத்தேன்:

```
untrunc good.MP4 broken.MP4
```

திறந்தது. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்தில் சுற்றி வருவது வரை இருந்தது. அதற்கு மேல் இல்லை. கெட்டிமேளச் சத்தம்கூட இல்லை. தாலி கட்டும் இடத்தில் கேண்டிட் எடுத்தவரின் படங்களை வைத்துத்தான் எடிட்டை ஓட்டினேன்.

தம்பி சொன்னதைக் கேட்டிருந்தால்? அழுகல் பின்பகுதியில்தான் இருந்தது என்றால், நேராக அங்கே போயிருந்தால் கார்டு அப்போதே செத்திருக்கும். ரிசப்ஷனும் போயிருக்கும். இந்தச் சமாதானத்தைப் பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் முதல் நாற்பது ஜி.பி.யைப் படித்த அலைச்சலே அதை முடித்திருக்கலாம் என்பதும் அதே அளவுக்குச் சாத்தியம். இறந்த கார்டு இரண்டில் எது உண்மை என்று சொல்லாது.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றினேன். முதலில் அட்டவணை, அடுத்தது அவர்கள் கேட்கிற இடம், மீதி அப்புறம். ஓர் அறுபதாம் கல்யாணக் கார்டில் அப்படித்தான் செய்தேன். சடங்கு முழுதும் வந்தது. முன்பகுதி வரவில்லை. அதில் அந்த வீட்டுப் பாட்டி உட்கார்ந்து பேசிய கிளிப் இருந்திருக்கிறது. பாட்டி போன பிறகு அந்தப் பிள்ளைகள் கேட்டது அதைத்தான். மீட்கச் சொல்லும்போது அவர்கள் அதைச் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

இப்போது போட்டோகிராபரிடம் மட்டும் கேட்பதில்லை, கார்டைச் செருகும் முன் வீட்டாருக்கே போன் போட்டு எது முதலில் வேண்டும் என்று கேட்கிறேன். அவர்களும் யோசிக்காமல் தாலி என்றுதான் சொல்கிறார்கள்.